தாங்கும் வரை

எனக்குக் கோபம் வரும். எங்கள் ஆஸ்பத்திரியில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெரிய டாக்டரே சமையலறைக்குள் நுழைந்தால் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டுதான் நுழைவார்; இல்லையென்றால் வாசலிலேயே நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்பேன். இருபத்திரண்டு வருஷமாக நோயாளிகளுக்குச் சமைக்கிறேன். எங்கே உப்பு கூடாது, எங்கே எண்ணெய் கூடாது, எவனுக்கு எதைக் கண்ணில்கூடக் காட்டக் கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட நான் ஒரு வார்த்தையில் கவிழ்ந்தேன். நான் சொன்ன வார்த்தை, அதுவும் வாயில் வந்தபடி சொன்னது.

வயிற்றில் கிருமி புகுந்து வாந்தியும் போக்குமாக வருகிறவர்களுக்கு எங்கள் சமையலறையில் ஐந்து படி. முதல் படி கஞ்சித் தண்ணீர். கைப்பிடி அரிசிக்கு நிறையத் தண்ணீர் விட்டு, அரிசி மலர்ந்து வெடிக்கும்வரை கொதிக்கவிட்டு, வடித்து, துளி உப்பு. உப்பு கண்ணீர் அளவுக்குக் கரித்தால் போதும், அதற்குமேல் போனால் கொட்டிவிட்டு மறுபடி வைக்கச் சொல்வேன். கூடவே பொட்டலத்தில் வரும் உப்பு சர்க்கரைக் கரைசல். இதை மடக்மடக்கென்று குடித்தால் அதே வேகத்தில் வெளியே வரும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் என்று ஊட்ட வேண்டும். அது உள்ளே தங்கிவிட்டால் அரிசியையும் சேர்த்துக் குழைத்த கஞ்சி, மசித்த வாழைப்பழம். அதற்குப் பிறகு குழைந்த சாதம், வாட்டின ரொட்டி, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு. பிறகு பருப்பு, அவித்த முட்டை, கொஞ்சம் தயிர். ஐந்தாவது படி வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவதையே சாப்பிடுவது. முதலில் காரமும் எண்ணெயும் குறைத்து, அப்புறம் அதுவும் இல்லாமல்.

முதல் படியில் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அதற்குமேல் யாரையும் அங்கே நிற்கவிட மாட்டேன். கஞ்சித் தண்ணீர் தாகத்துக்கு ஆகும், உடம்புக்கு ஆகாது. புண்பட்ட குடலும் சோறு உள்ளே போனால்தான் தேறும். வயிற்றைக் காயப்போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படி ஏற்றுவதற்கு எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. காலையில் வார்டிலிருந்து தட்டு திரும்பி வந்ததும் நான் கேட்பது ஒரே கேள்வி. "ஏழாம் கட்டில் தாங்குச்சா?" தாங்கிவிட்டது என்றால், வாந்தி இல்லாமல் வயிறு ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். உடனே அடுத்த படி. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் டயட்டீஷியன் பெண், வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு தாள் தமிழில் தயார் செய்தாள். ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரிக்கு வார்த்தை கிடைக்காமல் அடுப்படிக்கே வந்து நின்றாள். அண்டாவைக் கிளறிக்கொண்டே, தாங்கும் வரை என்று போடேன், இதற்கு ஒரு அகராதியா என்றேன். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 'படி 1: தாங்கும் வரை கஞ்சித் தண்ணீர் மட்டும்.' அச்சடித்து வந்ததும் முதல் தாளை எனக்குக் கொடுத்தாள். நானும் பெருமை தாங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் காட்டினேன்.

அந்த மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை நாங்கள் ஏணி என்றுதான் கூப்பிடுவோம். பத்து வயதிலேயே என் தலைக்குமேல் வளர்ந்துவிட்டாள். அவள் அப்பா அந்த வருஷம்தான் போனார். அதற்குப் பிறகு நான் வேலையிலிருந்து வந்து விழும்போது அவள் கீழே விழுந்த முட்டியைக் காட்டினாலும், காய்ச்சல் என்று சுருண்டாலும் நான் சொன்னது ஒன்றுதான். தாங்கிக்கோடி. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. அவளும் அப்படியே பழகினாள். பல் பிடுங்கின அன்றைக்குக்கூட முனகவில்லை. ஊரே மெச்சியது, நானும் மெச்சினேன்.

இந்த ஏணிக்கு ஒரே ஆசை. தீயணைப்புத் துறையில் சேர வேண்டும். உயரமான பெண், பேரும் பொருத்தம் என்று நாங்கள் கேலி செய்தது போக, அவள் நிஜமாகவே அதற்காக மூன்று வருஷம் ஓடினாள், மூட்டை தூக்கினாள், கயிறு ஏறினாள். கல்யாணத்துக்கும் முன்னாலேயே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். உடல்தகுதித் தேர்வு மட்டும் பாக்கி. அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தெட்டு முடிகிறது. அதற்குமேல் விண்ணப்பிக்க முடியாது. இதை விட்டால் ஆயுசுக்கும் இல்லை.

தேர்வுக்குப் பதினேழு நாள் இருக்கும்போது அவளுக்கு வயிறு கெட்டது.

அந்த வாரம் ஊரில் பாதிப் பேருக்கு அதே கதை. கட்டில் கிடைக்காமல் வராந்தாவில் பாய் போட்டார்கள். ஏணியை எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது. புதன்கிழமை காலையிலிருந்து வாந்தி இல்லை, கஞ்சித் தண்ணீர் உள்ளே தங்கியது. சாயங்காலமே தாளைக் கையில் கொடுத்து மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் குழைந்த கஞ்சிக்குப் போயிருக்க வேண்டியவள். எனக்குக் கூடப் போக வழியில்லை. என் சமையலறையில் இரண்டு பேருக்கும் அதே நோய். வயிற்றுப்போக்கு நின்று முழுசாக இரண்டு நாள் கழியாமல் அவர்களை அடுப்புப் பக்கம் விடக் கூடாது என்பது சட்டம். நானே சொல்லிக்கொடுத்த சட்டம். ஆகவே மூன்று பேர் வேலையை நான் ஒருத்தி பார்த்தேன்.

அதோடு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சம்பந்தியம்மா வீட்டுக்கு நான் அழைக்காமல் போவதில்லை. அவர் ரிட்டயர்டு கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை, தீயணைப்பு வேலை ஒரு பெண்ணுக்கு ஆபத்தில்லையா என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். ஆனால் நான் அதை மனதில் முடிச்சு போட்டு வைத்துக்கொண்டேன். அதனால் தினமும் போனில்தான் விசாரிப்பு.

"தாங்குதாடி?"

"தாங்குதும்மா."

தாங்குகிறது என்றால் எனக்கு என்ன அர்த்தம்? படி ஏறுகிறாள் என்று அர்த்தம். சனிக்கிழமை என் கணக்கில் அவள் பருப்புச் சாதத்துக்கு வந்துவிட்டாள். குரல் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. நோய் கண்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று போனை வைத்துவிட்டு அடுத்த அண்டாவைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை மாப்பிள்ளை எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டைச் சரிபார்க்க வந்தார். லிஃப்ட் மெக்கானிக், ஒரு வாரமாக வெளியூர் வேலை, முந்தின நாள்தான் வந்திருக்கிறார். சமையலறைப் பின்வாசலில் டீ கொடுத்தேன். பேச்சு வாக்கில், ஏணி எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுகிறாள், ஆனாலும் நேற்று கஞ்சித் தண்ணீர் எட்டு டம்ளர் குடித்தாள் என்றார்.

எட்டு டம்ளர் என்ன, எதற்கு என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். சாப்பாடே அதுதானே அத்தை, அம்மாவும் நீங்களும் பேசி வைத்திருக்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார்.

ஆறு நாள். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு நாளாக என் மகள் வடித்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடக்கிறாள்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஏப்ரனைக் கழற்றி எறிந்தேன். ஒரு டப்பாவில் குழைந்த கஞ்சி, பையில் நாலு வாழைப்பழம். மாப்பிள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்து, வழியெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சம்பந்தியம்மாவை என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்தினேன். எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு ஆபத்தில்லையா என்று கேட்டாரே, அதற்கு இப்போது வழி கண்டுபிடித்துவிட்டார். தேர்வு மைதானத்தில் காலெடுத்து வைக்க முடியாதபடி என் பெண்ணைத் தண்ணீரிலேயே போட்டு வைத்திருக்கிறார்.

கதவைத் திறந்தவரிடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"வேலைக்கு அனுப்ப இஷ்டமில்லன்னா வாய விட்டுச் சொல்லியிருக்கலாமே டீச்சர். பட்டினி போட்டுத் தடுக்கறது என்ன புத்தி? நான் நாப்பது பேருக்குத் தினம் வடிச்சுக் கொட்டறேன், என் பொண்ணுக்கு ஒரு பிடி சோறு கிடைக்கலையா உங்க வீட்டுல?"

அவர் முகம் வெளுத்தது. உள்ளே போய், குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த தாளை எடுத்து வந்தார். எங்கள் ஆஸ்பத்திரித் தாள். அதன் கீழே இன்னொரு தாளை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். தேதி, மணி, எத்தனை மில்லி, சிறுநீர் போனதா, வயிறு எப்படி. பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் கையெழுத்து, ஒரு கட்டம் காலி இல்லை. கடைசி வரிசைக்குத் தலைப்பு, 'தாங்குகிறதா?' ஆறு நாளும் ஆறு டிக்.

முதல் வரியின்மேல் விரலை வைத்தார். "தாங்கும் வரை கஞ்சித் தண்ணீர் மட்டும். தாங்க முடியற வரைக்கும் இதுதான், முடியாமப் போனா அடுத்த படின்னு படிச்சேன். தினம் காலையில அவளைக் கேட்டேன், தாங்குதாம்மான்னு. தாங்குதுன்னா. சரி, இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்னு விட்டேன். ஒரு ஸ்டெப் தாண்டி, வயிறு மறுபடி கெட்டுப் பரீட்சை போயிடக் கூடாதேன்னுதான் சம்பந்தியம்மா, ஒரு எழுத்து மீறல. தப்பா படிச்சிட்டனா?"

நான் தாளைப் பார்த்தேன். மூன்று வருஷமாகப் பார்க்கிற தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெளியாள் கண்ணோடு படித்தேன். சமையலறையில் தாங்க வேண்டியது வயிறு. அந்த வரியில் வயிறு எங்கே இருக்கிறது? வயிறும் இல்லை, சோறும் இல்லை. ஒரு மனுஷி எவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாளோ அதுவரை என்று படித்தால், அப்படியும் சரியாகத்தான் இருக்கிறது. ஒரே கேள்வி, ஒரே பதில். நான் அடுத்த படி என்று காதில் வாங்கிக்கொண்டேன், அவர் இன்னும் ஒரு நாள் என்று குறித்துக்கொண்டார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அறைக்குள் ஏணி கட்டிலில் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மணிக்கட்டில் வாட்ச் வளையல் மாதிரி ஆடியது. வயிறு சரியாகி நாலு நாளாகிறதாம். போக்கு இல்லை, வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. பசிதான். பக்கத்தில் உட்கார்ந்து கத்தினேன். பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி, அந்த அளவுக்கா ஊமையாகிவிட்டாய் என்றேன். கத்தினேன் என்று சொல்கிறேன், பாதி அழுகைதான்.

"நீ எழுதினதும்மா," என்றாள். "காட்டினியே எனக்கு. உன் வார்த்தைன்னு பாத்ததும் தெரிஞ்சுது. நீ தாங்குன்னா தாங்கணும்தானே? எப்பவும் அப்படித்தானே?"

நான் எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், திருப்பியும் கொடுத்திருக்கிறேன். இது வேறு அடி. டப்பாவைத் திறந்து கஞ்சியை எடுத்தேன். முதலில் டயட்டீஷியன் பெண்ணுக்குப் போன் போட்டேன். அக்கா, அவசரப்பட்டு வயிறு முட்டக் கொடுத்துவிடாதீர்கள், ஆறு நாள் காய்ந்த உடம்பு, இப்போது கால் கிண்ணம் மட்டும் கொடுத்துவிட்டு உடனே கூட்டி வாருங்கள், ரத்தத்தில் உப்புகளைப் பார்க்க வேண்டும் என்றாள். கால் கிண்ணம் ஊட்டினேன். ஏணி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஸ்பூனாக விழுங்கினாள். வாசலில் நின்ற சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் எழுந்து போய், தப்பு உங்கள் மேல் இல்லை டீச்சர், நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள், நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு வாக்கியம் நான் சொன்னதில்லை.

டாக்டர் பார்த்தார். நாலு கிலோ இறங்கியிருந்தாள். பொட்டாசியம் மட்டும் கொஞ்சம் குறைவு, மற்றது பயமில்லை என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, தினம் வந்து காட்ட வேண்டும். தேர்வு ஒன்பதாம் நாள் என்றதும் உதட்டைப் பிதுக்கினார். பார்க்கலாம் என்றார். டாக்டர்களின் பார்க்கலாம் என்ன பார்க்கலாம் என்று எனக்குத் தெரியும்.

பார்த்துவிடலாம் என்று நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து காலை வேலை முடிந்ததும் நேரே சம்பந்தி வீடு. அழைப்பும் இல்லை, அழைக்காமல் போகிறோமே என்ற வீம்பும் இல்லை. டீச்சர் புதிதாகக் கோடு போட்டார். கடைசி வரிசையின் தலைப்பை அழித்துவிட்டு, 'கேட்டுச் சாப்பிட்டாளா?' என்று எழுதினார். செவ்வாய் கஞ்சியும் வாழைப்பழமும். புதன்கிழமை குழைந்த சாதம், வாட்டின ரொட்டி, உருளைக்கிழங்கு. வெண்ணெய் தடவலாமா என்று டீச்சர் கேட்டார். இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்றேன். வியாழன் பருப்பு, அவித்த முட்டை, கொஞ்சம் தயிர். பால் வேண்டாம், வயிறு கெட்ட புதிதில் பால் சேராது, தயிர் சேரும் என்றதற்கு, ஏன் என்று காரணம் கேட்டுக் குறித்துக்கொண்டார். கணக்கு டீச்சருக்குச் சமையல் வராது. பருப்பை அளந்து போடுவார், நிமிஷம் பார்த்து இறக்குவார், வெந்ததா என்று தொட்டுப் பார்க்கத் தெரியாது. நான் சும்மா இருப்பேனா? பருப்புக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது டீச்சர் என்றேன். அவரும் சளைக்கவில்லை. தமிழுக்கு உங்களைக் கேட்கக் கூடாது, சமையலுக்கு என்னைக் கேட்கக் கூடாது, தலையெழுத்து என்றார். ஏணி சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

சனிக்கிழமை எல்லோரோடும் உட்கார்ந்து வீட்டுச் சாப்பாடு. காரம் குறைத்த குழம்பு, இரண்டு காய். திங்கட்கிழமை எல்லோருக்கும் போட்ட அதே குழம்பு, அதே மிளகாய். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டாள். நாலு கிலோவில் இரண்டு கிலோ திரும்பியிருந்தது. செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் பத்து தடவை ஏறி இறங்கினாள். டாக்டர் ஸ்டெத்தை எடுத்து, நாடி பார்த்து, ஓடலாம், ஆனால் முடியவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இதற்கு நடுவில் ஆஸ்பத்திரியில் ஒரு போர். அந்தத் தாளை உடனே மாற்றச் சொல்லி நிர்வாக அதிகாரியிடம் போனேன். நாலாயிரம் தாள் அச்சாகி இருக்கிறது, தீரட்டும், அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதுவரை எத்தனை பேர் தாங்க வேண்டும் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு புகார்கூட வரவில்லையே என்றார் அவர்.

"புகார் எப்படி சார் வரும்? தாங்கச் சொல்லித்தானே எழுதியிருக்கு."

அவர் எழுந்து போகச் சொன்னார். போனேன், எங்கே போனேன்? தாள்கள் அடுக்கியிருந்த அறைக்குப் போய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தேன். காய் நறுக்குகிற மேஜையைத் துடைத்து, சிவப்புப் பேனாவால் 'தாங்கும் வரை' என்பதை அடித்து, மேலே எழுதினேன்: 'வாந்தி நின்று, வயிறு ஏற்றுக்கொண்டால் அன்றே அடுத்த படி. பசித்தால் சொல்லுங்கள்.' கீழே, இரண்டு நாளாகியும் படி ஏற முடியவில்லை என்றாலோ, ரத்தம் போனாலோ, சிறுநீர் வராவிட்டாலோ உடனே வரவும் என்று இன்னொரு வரி. அரசாங்கச் சொத்தைக் கிறுக்குகிறீர்கள், மெமோ கொடுப்பேன் என்று அதிகாரி வாசலில் வந்து நின்றார். தொப்பி இல்லாமல் உள்ளே வராதீர்கள் என்றேன். மெமோ வந்தது. அதை மடித்து மேஜைக்காலுக்கு அடியில் வைத்தேன், ஆட்டம் நின்றது. டயட்டீஷியன் பெண் இன்னொரு சிவப்புப் பேனா எடுத்து எதிரே உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை வந்தது.

மைதானத்துக்கு வெளியே கம்பிவேலி. நானும் டீச்சரும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டீச்சர் கையில் அவர் பள்ளிக்கூடத்து ஸ்டாப்வாட்ச். ஓட்டத்தில் ஏணி கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள், ஆனாலும் நேரத்துக்குள் வந்தாள். ஏணி ஏறுவதில் அவள் பேருக்குத் துரோகம் செய்யவில்லை. மிச்சம் மூட்டை. முப்பது கிலோ மணலைத் தோளில் போட்டுக்கொண்டு நூறு மீட்டர், முப்பத்தைந்து வினாடிக்குள். கீழே வைத்தால் போச்சு. நோய்க்கு முந்தின ஏணிக்கு அது ஒரு விஷயமே இல்லை.

முதல் ஐம்பது மீட்டர் நன்றாகப் போனாள். அறுபதில் கால் பின்னியது. எழுபதில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. முகத்தைப் பார்த்தேன். உதட்டை உள்ளே மடித்து, கண்ணை எங்கேயோ வைத்து, அதே முகம். பல் பிடுங்கின அன்றைக்கும், அவள் அப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கும், ஆறு நாள் அந்தக் கட்டிலிலும் வைத்திருந்த முகம். இந்த முகத்தைச் செய்தவள் நான். வேலை கிடக்கிறது, நாசமாகப் போகட்டும். சுற்றிலும் எல்லோரும் விடாதே, விடாதே என்று கத்துகிறார்கள். நான் வேலியில் ஏறி நின்று என் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏணி, கீழ வைடி! போதும், தாங்காத! அம்மா சொல்றேன், கீழ வை!"

கேட்டுவிட்டது. தலையைத் திருப்பினாள். என்னை நேராகப் பார்த்தாள். மடித்திருந்த உதடு பிரிந்தது.

"மாட்டேன் போ!"

மைதானம் பூராவும் கேட்டது. பத்து வயதிலிருந்து என்னிடம் அவள் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு மூட்டையை ஒரு உலுக்கு உலுக்கித் தோளில் ஏற்றிக்கொண்டாள். வாயைத் திறந்து ஆவென்று கத்திக்கொண்டே மிச்ச முப்பது மீட்டரையும் ஓடினாள். கோட்டைத் தாண்டி மூட்டையோடு சேர்ந்து விழுந்தாள்.

டீச்சர் வாட்சை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெயில் பட்டு மின்னியதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பத்திரண்டு, மூணு செகண்ட் மிச்சம் சம்பந்தியம்மா என்று அவர்தான் வாசித்துச் சொன்னார். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். நான் அவரையும் இழுத்துக்கொண்டு வேலி திறந்த பக்கம் ஓடினேன்.

ஏணி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். முடியெல்லாம் மணல். அதிகாரி ஒருவர் அவள் எண்ணைக் குறித்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார். நான் அவள் எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். அம்மா சொல்லியும் கேட்கவில்லையே என்று பொய்க் கோபத்தோடு ஆரம்பித்தேன். அவள் என்னைப் பேசவிடவில்லை.

"அம்மா, பசிக்குது," என்றாள். சத்தமாக, கோபமாக, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. "பசி உயிர் போகுது. சோறு கொண்டாந்தியா இல்லையா?"

கொண்டுவந்திருந்தேன்.